58 வயது பெரியம்மா... 28 வயதுப் பெண்ணின் போட்டோ... "இதே மேக்கப் எனக்கு வருமாடி?"

பார்லருக்குப் போகும் எல்லோர் கையிலும் இப்போது ஒரு போட்டோ இருக்கிறது. போனை நீட்டி, "இதே மாதிரி பண்ணிடுங்க" என்கிறோம். நீட்டுபவருக்கு இருபத்தைந்து வயது என்றால், ஓரளவு அதே மாதிரி வந்தும்விடுகிறது. ஐம்பத்தைந்தைத் தாண்டியவர் நீட்டும்போதுதான் சிக்கல். அதே நிறம், அதே இடம், அதே அளவு என்று அச்சு அசலாகப் போட்டால், கண்ணாடியில் தெரிவது வேறு யாரோவாக இருக்கும். கோடுகள் இன்னும் ஆழமாகத் தெரியும், கண்கள் களைத்துப்போனது போல இருக்கும்.

மதுரையில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இது ஏற்கெனவே ஒருமுறை நடந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு அண்ணன் கல்யாணத்தில் யாரோ ஒருவர் போட்டுவிட்ட மேக்கப்பைப் பார்த்து, வீட்டுக் குழந்தைகளே "அப்பத்தா மூஞ்சில என்ன மாவு?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த ஆல்பத்தைப் பெரியம்மா யாருக்கும் எடுத்துக் காட்ட மாட்டார். இந்த வருடம் மகளின் ரிசப்ஷன். "எனக்கு ஒண்ணும் வேணாம், பவுடரைப் போட்டு மையை வச்சுக்கிட்டு வர்றேன்" என்று அவர் சொல்ல, அக்கா விடவில்லை. இன்ஸ்டாகிராமில் இருந்து ஒரு போட்டோவை எடுத்து அனுப்பினாள். செம்பு நிற இமை, கூராக இழுத்த ஐலைனர் வால், ரோஜா நிறக் கன்னம், ஒயின் நிற மேட் லிப்ஸ்டிக், கண்ணாடி போல மின்னும் சருமம். போட்டோவில் இருந்த மாடலுக்கு மிஞ்சிப்போனால் 28 வயது இருக்கும்.

ரிசப்ஷனுக்கு இரண்டு வாரம் முன்பு ட்ரையல் வைத்தார்கள். இருபது வருடங்களாகக் கல்யாண மேக்கப் செய்யும் ஓர் அக்கா. ('பேரெல்லாம் போடாதடா, ஏற்கெனவே போன் நிக்க மாட்டேங்குது' என்று சொல்லிவிட்டார்.) அவர் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே, போட்டோவைப் பார்ப்பதற்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் புதிதாக இருந்தது.

போட்டோவில் எது மேக்கப், எது வெளிச்சம்?

முதலில் போட்டோவைப் பெரிதாக்கி, மாடலின் கருவிழியைப் பார்த்தார். உள்ளே வட்டமாக ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. "இது ரிங் லைட். முகத்துக்கு நேரா வச்சு எடுத்தா மூக்கோரம், கண்ணுக்குக் கீழே இருக்குற நிழலெல்லாம் காணாமப் போயிடும். அதை மேக்கப்னு நெனச்சு நாம க்ரீமை அப்புறோம்."

அடுத்து மூக்கின் ஓரமும், நெற்றியில் முடி தொடங்கும் இடமும். கண் இமை முடி ஒவ்வொன்றும் துல்லியமாகத் தெரிகிறது. மூக்கோரத்தில் ஒரு துளைகூட இல்லை. நெற்றியோரப் பூனைமுடியும் இல்லை. அப்படி இருந்தால் சருமத்தை மட்டும் ஃபில்டரில் மழுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தச் சருமம் எந்த பாட்டிலிலும் கிடைக்காது. 28 வயதுக்கும் கிடைக்காது. அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும் என்றார். மாடல் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்ததையும் காட்டினார். சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறும். அந்த ஏற்றமும் போட்டோவின் அழகில் பாதி.

இப்படிக் கழித்த பிறகு மிச்சம் இருப்பது மூன்று விஷயங்கள். என்ன நிறம், எந்த இடத்தில், பளபளப்பா மேட்டா. "நிறத்தை அப்படியே எடுத்துக்கலாம். இடத்தை மாத்தணும். பளபளப்பையும் மேட்டையும் இடம் மாத்திப் போடணும்" என்றார். கேட்கும்போது புதிர் போலத்தான் இருந்தது. செய்யும்போது புரிந்தது.

பிறகு பெரியம்மாவை ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்து, ஐந்தடி தள்ளி நின்று, போனின் பின் கேமராவில் கொஞ்சம் ஜூம் செய்து இரண்டு படங்கள் எடுத்தார். சிரிக்காமல் ஒன்று, சிரித்து ஒன்று. செல்ஃபி கூடாதாம். கை நீளத்தில் எடுக்கும்போது மூக்கு பெரிதாகும், முகத்தின் ஓரங்கள் பின்வாங்கும். அதை நம்பி மேக்கப் செய்தால் அளவு தப்பும். போனை மேலே தூக்கிப் பிடிக்காமல் கண் உயரத்திலேயே வைக்க வேண்டும். பல போன்களில் பியூட்டி மோட் தானாகவே ஆன் ஆகியிருக்கும், அதையும் அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது வேலை எங்கே என்று தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு மேல் இமையின் தோல் மடிந்து, கண் திறந்திருக்கும்போது இமையில் பாதியை மூடிவிடுகிறது. வலது கண்ணில் கொஞ்சம் கூடுதலாக. கண்ணின் வெளிமூலை சற்றுக் கீழிறங்கி இருக்கிறது. புருவத்தின் வால் பகுதி அடர்த்தி குறைந்திருக்கிறது. இரு கன்னங்களிலும் மங்கு. உதட்டின் ஓரங்கள் லேசாகக் கீழ்நோக்கி. "இதுல ஒண்ணையும் மறைக்கப் போறதில்லைம்மா. எது எங்கே இருக்குன்னு தெரிஞ்சா, அதுமேல போய் மோதாம இருக்கலாம், அவ்வளவுதான்" என்று அந்த அக்கா சொல்ல, "ஏம்மா, டாக்டர்கிட்ட வந்த மாதிரில இருக்கு" என்றார் பெரியம்மா.

மாவு பூசியது ஏன்?

மாதவிடாய் நின்ற பிறகு சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. தோலுக்கு அடியில் தாங்கிப் பிடிக்கும் கொலாஜனும் குறைகிறது. வறண்ட தோல் ஃபவுண்டேஷனில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, நிறம் மட்டும் மேலே பொடியாக நிற்கும். பேசும்போதும் சிரிக்கும்போதும் முகம் மடங்கி விரிகிற இடங்களில் அந்தப் பொடி போய்ச் சேர்ந்து கோடாகிவிடும். அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டால், கோட்டுக்கு மேல் கோடு. அண்ணன் கல்யாணத்தில் நடந்தது இதுதான்.

அதனால் முதல் வேலை ஈரப்பதம். முகம் கழுவி, லேசான ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசரைத் தடவி, பத்து நிமிடம் சும்மா விட்டார். பிறகு டிஷ்யூ பேப்பரை முகத்தில் ஒற்றி, உள்ளே போகாமல் மேலே நின்றதை எடுத்தார். இந்தக் காத்திருப்பைத் தாண்டிக் குதித்தால், ஃபவுண்டேஷன் போடும்போது திரித்திரியாக உருண்டு வரும். அப்படி உருண்டால் மேலே எதைப் போட்டாலும் சரியாகாது. துடைத்துவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குக் கீழே. இங்கே ஒரு சின்னச் சோதனை செய்தார். வீட்டிலேயே நீங்களும் செய்து பார்க்கலாம். ஜன்னலைப் பார்த்து நின்று, கையில் கண்ணாடியுடன் முகத்தை மெதுவாக மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருமை காணாமல் போனால், அது பள்ளத்தின் நிழல். போகாமல் அப்படியே நின்றால் தோலின் நிறமே கருத்திருக்கிறது. பெரியம்மாவுக்கு இரண்டும் கலந்து இருந்தது. உள்மூலையில் நிறம், அதற்குக் கீழே கன்னம் தொடங்கும் இடத்தில் பள்ளம்.

நிறத்துக்கு ஆரஞ்சு கரெக்டர், ஒரு மிளகு அளவில் பாதி. நம் மாநிறத்துக்கு ஆரஞ்சு. சற்று வெளுத்த நிறத்துக்கு பீச் போதும். அதை மோதிர விரலால் தட்டித் தட்டி, கருத்த இடத்தில் மட்டும். நிழலுக்கு வேறு வைத்தியம். பள்ளத்தின் கோட்டில் மட்டும், தோலைவிட ஒரு ஷேடு வெளுப்பான கன்சீலரை மெல்லிசாக இழுத்தார். பள்ளத்துக்கு மேலே உப்பலாக இருக்கும் பகுதியில் அதைத் தொடவிடவில்லை. உப்பல் மேல் வெளுப்பைப் போட்டால் அது இன்னும் உப்பித் தெரியும். போட்டோவில் மாடலுக்குக் கண்ணுக்குக் கீழே பெரிய முக்கோணமாக வெளுப்பு போட்டிருந்தார்கள். அதை இங்கே செய்திருந்தால் அவ்வளவுதான்.

ஃபவுண்டேஷன் மொத்தமே ஒரு பச்சைப் பட்டாணி அளவு. மூக்கைச் சுற்றி, வாயைச் சுற்றி, கன்னத்தின் நடுவில் தொடங்கி, ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி ஓரங்களுக்குப் போகும்போது ஒன்றுமே இல்லாமல் ஆக்கினார். நெற்றியோரத்திலும் கண்ணோரச் சுருக்கங்களிலும் கிட்டத்தட்ட எதுவும் இல்லை. மங்கு இருந்த இடத்தில் மட்டும் கரெக்டரும் அதன் மேல் இன்னொரு மெல்லிய படலமும். மங்கு அப்போதும் லேசாகத் தெரிந்தது. "தெரியட்டும். பத்துல மூணு பங்கு தெரிஞ்சா அது தோலு. ஒண்ணுமே தெரியாம மூடினா அது சுவரு" என்றார்.

பவுடர் மூக்கின் இரு பக்கம், நெற்றி நடு, தாடை நுனி ஆகியவற்றோடு சரி. சின்ன பிரஷ்ஷில் எடுத்து, கையில் தட்டி உதிர்த்துவிட்டு, அழுத்தி வைப்பது, தேய்ப்பது கிடையாது. "வேர்க்குமேம்மா?" என்று பெரியம்மா கேட்டார். வேர்த்தால் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுக்க வேண்டுமாம். புடவைத் தலைப்பால் இழுத்துத் துடைக்கும் பழக்கத்தை அன்று ஒரு நாள் மட்டும் விட வேண்டும்.

மேலே தூக்குவது எப்படி?

முகத்தில் மேலே போகும் கோடுகள் இருந்தால் பார்ப்பவர் கண்ணும் மேலே போகும். கீழே இழுக்கும் கோடு ஒன்று இருந்தாலும் கண் அதையே பின்தொடரும். 'லிஃப்ட்' என்று மேக்கப்காரர்கள் சொல்வது இவ்வளவுதான். தோல் ஒரு மில்லிமீட்டர்கூட நகராது.

போட்டோவில் இருந்த ஐலைனர் வால், கண்ணை மூடிக்கொண்டு வரைந்தது. மடிப்பு விழுந்த இமையில் அப்படி வரைந்தால், கண்ணைத் திறந்ததும் வால் மடிப்புக்குள் போய் ஒடிந்துவிடும். ஆகவே பெரியம்மாவைக் கண்ணைத் திறந்து நேராகப் பார்க்கச் சொன்னார். கண்ணின் வெளிமூலை கீழ்நோக்கித் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்பே கோட்டை நிறுத்தி, அங்கிருந்து புருவத்தின் வால் இருக்கும் திசையில் சின்னதாக மேலே தூக்கினார். திரவ லைனர் எடுக்கவில்லை. அடர்பழுப்பு ஐ ஷேடோவைச் சாய்வெட்டு பிரஷ்ஷில் தொட்டு, புகை போலக் கலைத்துவிட்டார். சுருக்கம் இருக்கும் தோலில் கூர்மையான கோடு ரம்பம் போல் வரும். கலைந்த கோடு அந்தக் குறையைக் காட்டாது.

செம்பு நிறம் அப்படியே இருந்தது. ஆனால் மாடலுக்கு இமை முழுவதும் மின்னிய அந்த நிறம், பெரியம்மாவுக்கு இமையின் நடுவில், கருவிழிக்கு நேர் மேலே மட்டும் மின்னியது. மடிப்பின் மேல் மின்னலே இல்லை, மேட் பழுப்புதான். அதையும் உண்மையான மடிப்புக்குள் போடாமல், கண் திறந்திருக்கும்போது வெளியே தெரியும்படி அரை விரற்கடை மேலே போட்டார். மின்னல் எங்கே விழுகிறதோ அந்த இடம் முன்னே வந்து நிற்கும், மேட் பின்னே போகும். நிறம் அதே, இடம் வேறு என்று முதலில் சொன்னது இதைத்தான்.

வலது இமை சற்றுக் கூடுதலாக மடிந்திருந்ததால், வலது பக்க மேட் பழுப்பு இடதைவிட ஒரு நூல் உயரமாகப் போனது. இரண்டு கண்ணிலும் அளவெடுத்து ஒரே மாதிரி போட்டால், ஏற்கெனவே இருக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

புருவத்தில் கறுப்பு பென்சிலைத் தொடவில்லை. சாம்பல் கலந்த பழுப்பு. வாலை நீட்டி வளைத்துக் கீழே இறக்கும் பழைய பாணியை விட்டு, வால் முடியும் புள்ளி, புருவம் தொடங்கும் புள்ளியைவிடத் தாழாமல் பார்த்துக்கொண்டார். இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும்: அம்மாக்களின் புருவத்தைத் த்ரெட்டிங்கில் நூலாக்கும் வழக்கத்தை நம் பார்லர்கள் விடவே மாட்டேன் என்கின்றன. வயதாகும்போது வால் தானாகவே குறையும். மிச்சம் இருப்பதையும் எடுத்துவிட்டுப் பென்சிலில் வரைந்து என்ன பயன்?

இத்தனைக்கும் பிறகு வந்தது பெரிய பஞ்சாயத்து. மை.

கீழ் இமையில் மை வைத்தால் கண் கீழே இழுக்கும், ஒரு மணி நேரத்தில் இறங்கி கருவளையத்தோடு சேரும். எனவே கீழே மை வேண்டாம் என்றார் அக்கா. பெரியம்மா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சவ மாதிரி இருக்கு. நாப்பது வருஷமா மை இல்லாம நான் வாசப்படி தாண்டினதில்ல" என்றார். அக்காவும் விவாதம் செய்யவில்லை. மேல் இமை முடிகளின் வேர்களுக்கு இடையே, உள்பக்கமாக மையை நிரப்பினார். அதிலேயே கண் கறுகறுவென்று வந்தது. கீழே, வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு மட்டும், மெல்லிய கோடாக மை வைத்து, அதன் மேலேயே பழுப்பு ஐ ஷேடோவை ஒற்றிப் பூட்டினார். உள்மூலை சுத்தமாக இருந்தது. பெரியம்மா இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். "ம்... இது நான்தான்" என்றார். போட்டோவில் மாடலுக்குக் கீழ் இமையில் மையே இல்லை. ஆனால் போட்டோவுக்காக ஒருவரின் முகத்திலிருந்து அவருடைய மையை எடுத்துவிட முடியுமா என்ன?

கன்னத்துக்கு க்ரீம் ப்ளஷ். சிரிக்கச் சொல்லி உருண்டு வரும் இடத்தில் போடுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த முறை. ஐம்பதுக்கு மேல், சிரிப்பு நின்றதும் அந்த இடம் கீழே இறங்கிவிடும், நிறமும் கூடவே வாய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும். எனவே சிரிக்காத முகத்தில், கருவிழியின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே, கன்ன எலும்பின் மேல் தொடங்கி, காதின் மேல்நுனியை நோக்கி இழுத்தார். மூக்கு நுனியின் மட்டத்துக்குக் கீழே ஒரு பொட்டு நிறம்கூட இறங்கவில்லை. போட்டோவில் கன்னத்துக்கு அடியில் இருந்த கான்டூர் நிழலை முழுக்க விட்டுவிட்டார். பெரியம்மாவுக்கு அங்கே ஏற்கெனவே லேசான குழிவு இருக்கிறது. அதை இன்னும் கறுப்பாக்கினால் இளைத்துப்போனது போல இருக்கும்.

உதட்டுக்கு ஒயின் நிறத்தைவிட ஒரு படி வெளுப்பான, மெரூன் கலந்த சாட்டின் லிப்ஸ்டிக். மேட் திரவ லிப்ஸ்டிக் உதட்டு வெடிப்பில் போய் உட்காரும் என்பதால் அது வேண்டாம். கீழ் உதட்டில் லைனர் ஓரம் வரை போகாமல் சற்று முன்பே நின்றது. உதட்டின் இரு ஓரங்களுக்கும் கீழே துளி கன்சீலர் வைத்ததும், கீழிறங்கிய நிழல் குறைந்தது.

ஃப்ளாஷ் போட்டோ சொன்ன உண்மை

முடிந்ததும் கிளம்பிவிடவில்லை. இருபது நிமிடம் டீ குடித்து, பேசி, சிரிக்கவைத்தார். பிறகு பார்த்தால் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு. நான்கூட அதன் மேல் கொஞ்சம் கன்சீலர் போடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சுத்தமான ஈர ஸ்பாஞ்சை வைத்து அழுத்தி, கூடுதலாக இருந்ததை எடுத்தார். கோடு போய்விட்டது. கோடு விழுந்தால் எடுக்க வேண்டும், போடக் கூடாது.

அடுத்து அறையை இருட்டாக்கி ஃப்ளாஷில் ஒரு படம். கண்ணில் பார்க்கும்போது தெரியாத வெள்ளைத் திட்டு, மூக்கின் இரு பக்கமும் தெரிந்தது. சில பவுடர்களில் இருக்கும் சிலிக்கா ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும் சன் ஸ்க்ரீனும் இதே வேலையைச் செய்யும். இரவு ரிசப்ஷனுக்குச் சன் ஸ்க்ரீன் தேவையில்லை என்பதால் அது அன்று இல்லை, குற்றவாளி பவுடர்தான். அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டு, தோல் நிறம் கலந்த வேறு பவுடரைக் குறித்துவைத்தார். ட்ரையல் வைக்காமல் இருந்திருந்தால் இது ஆல்பத்தில்தான் தெரிந்திருக்கும்.

ரிசப்ஷன் அன்று மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். வீடியோ லைட் நிறத்தை வெளுத்துக் காட்டும் என்பதால் ட்ரையலைவிட ப்ளஷ் ஒரு படலமும் லிப்ஸ்டிக் ஒரு பூச்சும் கூடுதல். ஃபவுண்டேஷன் அதே பட்டாணி அளவுதான். அக்கா அனுப்பிய போட்டோவையும் பெரியம்மாவையும் அடுத்தடுத்துப் பார்த்தால், அந்தச் செம்பும் ரோஜாவும் மெரூனும் உறவுக்காரர்கள் மாதிரி தெரிந்தன. முகம் பெரியம்மாவுடையது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் கண்ணோரச் சுருக்கம் தெரிந்தது, மங்கு லேசாகத் தெரிந்தது. இரண்டடி தள்ளி நின்றால் கண்கள்தான் முதலில் தெரிந்தன.

இதனால் ஆகாதவையும் உண்டு. தாடைக்குக் கீழே தொங்கும் தோலையும் காலை வீக்கத்தையும் மேக்கப் ஒன்றும் செய்யாது. கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கண் டாக்டர் சரி என்று சொல்லும் வரை மையோ ஐலைனரோ கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. ஒரு பக்க இமை மட்டும் திடீரென்று இறங்கியிருந்தால், அதை ஐ ஷேடோவில் சரிசெய்யப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அன்று இரவு மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும், பெரியம்மா வழக்கம்போல சோப்பை எடுத்தார். ட்ரையலின்போதே அக்கா சொல்லி அனுப்பியிருந்தார்: கண்ணில் தேய்க்கவே கூடாது. க்ளென்ஸிங் ஆயிலோ, இல்லையென்றால் தேங்காய் எண்ணெயோ பஞ்சில் நனைத்து, மூடிய இமையின் மேல் அரை நிமிடம் வைத்துவிட்டு, கீழ்நோக்கி ஒரே இழுப்பு. அப்புறம்தான் ஃபேஸ்வாஷ். மூன்று பஞ்சில் முகம் சுத்தமாகிவிட்டது. நான்காவதில் மை மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா படுக்கப் போனார்.